'2009 முதல் தலைவர்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

"சார் கான்ஃபரன்ஸுக்கு ஸ்பீக்கரா போறாரு. அவரோட பயோடேட்டா தமிழ்ல இருக்கு. நாளைக்குள்ள இங்கிலீஷ்ல 80 வார்த்தையில வேணுமாம், கொஞ்சம் பண்ணிக் குடுங்க."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலோ வேலை பார்ப்பவர்களில் ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக எழுதுபவருக்கு இப்படி ஒரு மெசேஜ் என்றாவது வரும். ஹெச்ஆர், மார்க்கெட்டிங், குவாலிட்டி என எந்தப் பிரிவில் இருந்தாலும் சரி. கேட்பவருக்கு அது அரை மணி நேர வேலை.

ஆனால், அந்த 80 வார்த்தைகள் அச்சாகும் நிகழ்ச்சி நிரலை வாங்கும் கம்பெனிகளின் பிரதிநிதிகள் படிப்பார்கள், வங்கி அதிகாரிகள் படிப்பார்கள், அதே தொழிலில் இருக்கும் போட்டியாளர்களும் படிப்பார்கள். பட்டறையில் முப்பது வருடம் கழித்த பேச்சாளருக்கு ஆங்கிலம் சரளமாக வராமல் இருக்கலாம். தன் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் சரிபார்க்க முடியாது. தவறு நேர்ந்தால் பெயர் கெடுவது மொழிபெயர்த்தவருக்கு அல்ல, அவருக்குத்தான்.

பெரும்பாலும் தவறு ஆங்கில இலக்கணத்தில் நடப்பதில்லை. தமிழில் ஒரு அளவில் இருந்த சாதனை, ஆங்கிலத்தில் பெரிதாகிவிடுகிறது அல்லது சிறிதாகிவிடுகிறது. அது எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாதிரிக்கு ஒரு குறிப்பு

புரிதலுக்காக ஒரு கற்பனைப் பேச்சாளரை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் சிறிய ஃபவுண்டரி நடத்துபவர். அவர் தரப்பிலிருந்து வந்த தமிழ்க் குறிப்பு இப்படி இருக்கிறது:

"எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஐடிஐ படித்து, அயராத உழைப்பால் உயர்ந்தவர் ப. கணேசன். 1996இல் சிறுதொழில் தொடங்கி, இன்று பலருக்கு வாழ்வளித்து வருகிறார். தமிழகத்திலேயே முதன்முறையாக, வார்ப்பு மணலை மீண்டும் பயன்படுத்தும் இயந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றவர். 2009 முதல் தலைவர், தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம். ஐ.எஸ்.ஓ. விருது உட்பட ஏராளமான விருதுகள் பெற்றவர்."

தமிழ் மேடையில் வாசித்தால் கைதட்டல் விழும். ஆனால் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

பெயரிலேயே முதல் கேள்வி

'ப.' என்பது ஆங்கிலத்தில் 'பி' (பழனியின் முதலெழுத்து) ஆகவும் இருக்கலாம், 'பி' (பாலுவின் முதலெழுத்து) ஆகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். 'க'வும் 'த'வும் 'ச'வும் இதே சிக்கலைத் தரும். எந்த எழுத்து என்று ஊகிக்கக் கூடாது, விசிட்டிங் கார்டையோ பாஸ்போர்ட்டையோ பார்க்க வேண்டும்.

முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் நாட்டுக்குத் தந்த குடியரசுத் தலைவர். அவர் பெயருக்கு முன்னால் வரும் 'எஸ்' அப்பாவின் பெயரல்ல, ஊரின் பெயர். அப்துல் கலாமின் முதலெழுத்துகளைத் தமிழில் 'ஆ.ப.ஜெ.' என்று எழுதுபவர்களும் உண்டு. தெரியாத ஒருவர் அதை ஒலிப்படி ஆங்கிலமாக்கினால், உலகம் அறிந்த 'ஏ.பி.ஜெ.' வராது.

கான்ஃபரன்ஸ் பதிவுப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முதலெழுத்தை விரித்து அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டால், நாள் முழுக்க பேச்சாளரை அவருடைய அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். "உங்களை எந்தப் பேர்ல கூப்பிடணும்?" என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

முதல், துணை, முதல்வர்: வழுக்கும் சொற்கள்

இப்போது தலைப்பில் உள்ள வரிக்கு வருவோம். '2009 முதல் தலைவர்' என்பதை 2009இலிருந்து தலைவராக இருக்கிறார் என்றும் படிக்கலாம், 2009இல் வந்த முதலாவது தலைவர் என்றும் படிக்கலாம். 'முதல்' என்ற சொல் தொடங்கிய காலத்தையும் குறிக்கும், வரிசையில் ஒன்றாம் இடத்தையும் குறிக்கும்.

இந்தக் குழப்பம் ஏன் பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை என்பதற்கு ராதாகிருஷ்ணனே உதாரணம். '1952 முதல் குடியரசுத் துணைத் தலைவர்' என்று அவரைப் பற்றி எழுதினால் இரண்டு பொருளும் உண்மைதான். 1952இலிருந்து அவர் அந்தப் பதவியில் இருந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் நபரும் அவர்தான். நம் ஃபவுண்டரி உரிமையாளர் விஷயத்தில் அப்படியல்ல. அவர் 2009இல் தலைவராகி இன்றும் தொடர்பவராக இருக்கலாம். சங்கத்தின் முதல் தலைவராக இருந்து 2012இல் விலகியவராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால், இப்போதைய தலைவர் அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது முன்னாள் தலைவரை 'இன்றைய தலைவர்' என்று அறிவிக்க நேரும்.

பதவிப் பெயர்களிலும் இதே நிலைதான். 'தலைவர்' என்றால் ஆங்கிலத்தில் பிரசிடென்ட், சேர்மன், ஹெட் என மூன்று விதமாக வரும். எது சரி என்பதை அகராதி சொல்லாது, சங்கத்தின் லெட்டர்ஹெட் சொல்லும். 'முதல்வர்' என்பவர் மாநிலத்தை ஆளலாம், கல்லூரியில் பிரின்சிபாலாக இருக்கலாம், அரசு மருத்துவக் கல்லூரியில் டீனாகவும் இருக்கலாம். 'துணை' என்ற சொல் துணைவேந்தரில் 'வைஸ்' ஆகிறது, துணை ஆட்சியரில் 'டெபுடி' ஆகிறது.

'துணை' என்பதால் பதவி சிறியது என்று நினைத்துவிடவும் கூடாது. ராதாகிருஷ்ணன் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தார். அன்றாட நிர்வாகத்தை நடத்தும் பதவி அது. பின்னர் அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். அது பெரிதும் மரியாதைக்குரிய தலைமைப் பதவி. 'துணை' என்பதை அசிஸ்டென்ட் என்று மாற்றினாலோ, இரண்டையும் ஒன்றாகச் சுருக்கினாலோ அவர் வகித்த பொறுப்பே மாறிவிடும்.

நிறுவனங்களின் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது, அவற்றின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். தமிழில் 'தொழில் மேம்பாட்டு நிறுவனம்' என்று எழுதப்படும் சிப்காட்டின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'ப்ரமோஷன்'. மேம்பாடு என்றால் 'டெவலப்மென்ட்'தானே என்று எழுதினால், அது கிட்டத்தட்ட டிட்கோவின் பெயராகிவிடும். இரண்டும் தமிழக அரசின் தனித்தனி நிறுவனங்கள்.

'சிறுதொழில்' என்பது சட்டச் சொல்லும்கூட

'1996இல் சிறுதொழில் தொடங்கி' என்ற வரி எளிதாகத் தெரிகிறது. பேச்சு வழக்கில் பெரிய கம்பெனி இல்லாத எல்லாமே சிறுதொழில்தான். ஆங்கிலத்தில், அதிலும் தொழில் மாநாட்டில், 'ஸ்மால் என்டர்பிரைஸ்' என்று எழுதினால் அது உதயம் சான்றிதழில் இருக்கும் ஒரு பிரிவைக் குறிக்கும்.

குறு, சிறு, நடுத்தரம் என்ற மூன்று பிரிவுகளுக்கும் முதலீட்டு வரம்பும் ஆண்டு விற்றுமுதல் வரம்பும் உண்டு. 2025 ஏப்ரல் 1ஆம் தேதிமுதல் அந்த வரம்புகள் உயர்த்தப்பட்டன. இப்போது முதலீடு ரூ.2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் ரூ.10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். முதலீடு ரூ.25 கோடி, விற்றுமுதல் ரூ.100 கோடி வரை சிறு நிறுவனம். முன்பு 'சிறு' பிரிவில் இருந்த பல நிறுவனங்கள் இன்று 'குறு' பிரிவில் வரக்கூடும். ஆகவே, சான்றிதழைப் பார்த்து எழுத வேண்டும் அல்லது பிரிவைச் சொல்லாமல் 'ஃபவுண்டரி நடத்துகிறார்' என்று மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது வழி பாதுகாப்பானது, வார்த்தையும் மிச்சம்.

விற்றுமுதலைக் குறிப்பிட வேண்டியிருந்தால் கோடியில் கவனம் தேவை. ஒரு கோடி என்பது 10 மில்லியன். ரூ.12 கோடி என்றால் 120 மில்லியன் ரூபாய். அவசரத்தில் 12 மில்லியன் என்று எழுதினால், நிறுவனம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வரும் நிகழ்ச்சியில் இரண்டு அளவையும் தருவது நல்லது.

'உருவாக்கினார்', 'காப்புரிமை பெற்றார்'

குறிப்பின் முக்கியமான சாதனை இதுதான். அதிகம் சறுக்கும் இடமும் இதுதான்.

'உருவாக்கினார்' என்ற ஒரே வினைச்சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கும். புதிதாகக் கண்டுபிடித்தல், வடிவமைத்தல், இருப்பதை மாற்றி அமைத்தல், வாங்கி நிறுவுதல் எல்லாவற்றையுமே தமிழில் இப்படிச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. அதனால் பேச்சாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "அந்த மெஷினை நீங்களே டிசைன் பண்ணீங்களா? இல்ல, வாங்கி உங்க பட்டறைக்கு ஏத்த மாதிரி மாத்துனீங்களா?"

நம் மாதிரிப் பேச்சாளர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "மெஷின் ஏற்கெனவே மார்க்கெட்ல இருந்ததுதாங்க. அது பெரிய ஃபவுண்டரிக்கு. எங்க அளவுக்கு ஃபீடரையும் சல்லடையையும் மாத்தினோம். முன்னாடி மாசம் 40 டன் புது மணல் வாங்குவோம், இப்ப 12 டன் போதும்."

இந்தப் பதில் மூலக் குறிப்பைவிடப் பலமடங்கு நல்லது. பெரிய ஃபவுண்டரிக்கான இயந்திரத்தைச் சிறிய பட்டறைக்கு ஏற்ப மாற்றியவர் என்பது உண்மை, குறிப்பானது, கேட்பவருக்குப் பயனுள்ளது. 'தமிழகத்திலேயே முதன்முறையாக' என்பதையோ நிரூபிக்க முடியாது. பயன்படுத்திய மணலை மீட்டெடுக்கும் இயந்திரங்கள் கோவை ஃபவுண்டரிக்காரர்களுக்குப் புதிதல்ல. அவர்களில் ஒருவர் அரங்கில் இருந்தால், அந்த ஒரு வரி பேச்சாளர் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்தது காப்புரிமை. தமிழில் இந்தச் சொல்லைப் பேட்டன்ட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள், காப்பிரைட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். பொருளின் வடிவத்தைப் பதிவுசெய்த டிசைன் பதிவையும் சிலர் இப்படியே சொல்வதுண்டு. எது என்று முதலில் தெளிவாக வேண்டும்.

பேட்டன்ட்தான் என்றாலும், அதில் மூன்று நிலைகள் உண்டு. முதலில் விண்ணப்பம். பிறகு, வழக்கமாக 18 மாதங்கள் கழித்து, விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். அதன் பிறகு, தனியாக வைத்த கோரிக்கையின் பேரில் பரிசோதனை நடந்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, கடைசியில்தான் வழங்கப்படும். இதழில் வெளியானதும் 'பேட்டன்ட் கிடைச்சிடுச்சு' என்று இனிப்பு கொடுப்பவர்கள் உண்டு. வெளியாவதும் வழங்கப்படுவதும் ஒன்றல்ல. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் InPASS தேடல் பக்கத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். யாரும் பார்க்கலாம் என்பதாலேயே இங்கே பொய்யும் நிற்காது, தவறும் நிற்காது.

ராதாகிருஷ்ணனைப் பற்றிய குறிப்புகளிலும் இதே போன்ற ஒரு படி வித்தியாசம் உண்டு. அவர் நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், ஆனால் பரிசு பெறவில்லை. 'நோபல் வரை சென்றவர்' என்ற தமிழ் வரியை அவசரத்தில் ஆங்கிலமாக்கினால், பரிந்துரை விருதாகிவிடும்.

விருதுகள் யாருடையவை?

'ஐ.எஸ்.ஓ. விருது' என்று ஒன்று இல்லை. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளை எழுதும் அமைப்பு, அது யாருக்கும் சான்றிதழ்கூடத் தருவதில்லை. தனியான சான்றளிப்பு நிறுவனங்கள் ஆய்வு செய்து சான்று தருகின்றன. அந்தச் சான்றும் நிறுவனத்துக்குத்தான், உரிமையாளருக்கு அல்ல. எனவே ஆங்கிலத்தில் அது விருதுப் பட்டியலிலிருந்து வெளியேறி, 'ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற ஃபவுண்டரி' என்று நிறுவனத்தின் பெயரோடு சேர வேண்டும்.

விருதின் பெயரையும் அர்த்தம் பார்த்து மொழிபெயர்க்கக் கூடாது. 'நல்லாசிரியர் விருது' என்று பேச்சு வழக்கில் சொல்வது இரண்டு வேறு விருதுகளைக் குறிக்கும். தமிழக அரசு தருவதன் பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது. தேசிய நல்லாசிரியர் விருது மத்திய அரசுடையது. 'பெஸ்ட் டீச்சர் அவார்டு' என்று பொதுவாக எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது. விருதின் பெயர், வழங்கிய அமைப்பு, ஆண்டு மூன்றும் கிடைத்தால்தான் அது ஆங்கிலக் குறிப்பில் இடம்பெறத் தகுதியானது.

பத்ம விருது பெற்றவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. பாலாஜி ராகவன் வழக்கில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. தமிழ் அழைப்பிதழில் 'பத்மஸ்ரீ' என்று பெயரோடு சேர்ந்து வந்தாலும், ஆங்கிலத்தில் 'இந்த ஆண்டில் பத்மஸ்ரீ பெற்றார்' என்று தனி வாக்கியமாக்குவதே சரி.

'டாக்டர்' என்ற முன்னொட்டும் அப்படித்தான். மருத்துவரா, முனைவர் பட்டம் பெற்றவரா, கௌரவ டாக்டரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கௌரவப் பட்டம் என்றால், வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு வாக்கியத்தில் சொல்லலாம். பெயருக்கு முன் போட்டால் படிப்பவர்கள் ஆராய்ச்சிப் பட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வெட்டுவது தமிழிலேயே

80 வார்த்தை வரம்பு ஆங்கிலத்துக்கானது. தமிழ் ஒரே சொல்லில் ஒட்டிச் சொல்வதை ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களாகப் பிரிக்கும். 'பட்டறையிலிருந்து' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று தேவை. அதனால் 80 சொல்லில் இருக்கும் தமிழ்க் குறிப்பை அப்படியே மாற்றினால் 80க்குள் அடங்காது. முழுவதையும் மொழிபெயர்த்துவிட்டுக் கடைசியில் வெட்டத் தொடங்கினால், அவசரத்தில் ஆண்டும் அமைப்பின் பெயரும்தான் முதலில் போகும். 'அயராத உழைப்பு' அப்படியே உட்கார்ந்திருக்கும்.

முதலில் தமிழிலேயே பென்சிலை எடுக்க வேண்டும். அந்த மாநாட்டில் அவர் பேசப்போகும் தலைப்புக்கு எது பொருந்துகிறதோ அது நிற்கும், மற்றது போகும். தமிழ்க் குறிப்பு பிறப்பில் தொடங்கும். ஆங்கில நிரலில் இன்றைய பொறுப்புதான் முதல் வாக்கியம்.

'எளிய குடும்பம்' போவதில் பேச்சாளருக்கு வருத்தம் இருக்கலாம். அவர் கடந்துவந்த தூரம் அவருக்கு முக்கியம், அது நியாயமும்கூட. ஆனால் அந்தத் தூரத்தைக் காட்டும் உண்மை குறிப்பிலேயே இருக்கிறது: ஐடிஐ படிப்பு. எந்த டிரேடு என்று கேட்டு அதை வைத்துக்கொண்டால், உரிச்சொல் எதுவும் இல்லாமலே படிப்பவருக்குப் புரியும்.

நம் மாதிரிக் குறிப்பு இப்படி நான்கு ஆங்கில வாக்கியங்களாகிறது. முதல் வாக்கியம்: கும்மிடிப்பூண்டியில் 1996இல் தொடங்கிய, ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற ஃபவுண்டரியின் உரிமையாளர், ஐடிஐயில் பயிற்சி பெற்ற ஃபிட்டர். இரண்டாவது: பெரிய ஃபவுண்டரிகளுக்கான மணல் மீட்பு இயந்திரத்தைச் சிறிய பட்டறைக்கு ஏற்ப மாற்றினார், புதிய மணல் கொள்முதல் மாதம் 40 டன்னிலிருந்து 12 டன்னாகக் குறைந்துள்ளதாகத் தெரிவிக்கிறார். மூன்றாவது: இதற்கான பேட்டன்ட் விண்ணப்பம் வெளியிடப்பட்டுள்ளது. நான்காவது: 2009இலிருந்து தொழிற்பேட்டைச் சங்கத்தின் தலைவர். ஆங்கிலத்தில் எழுதினால் 80 வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது வாக்கியத்தில் 'தெரிவிக்கிறார்' என்ற சொல்லைக் கவனிக்கலாம். டன் கணக்கை வெளியார் யாரும் அளந்து சரிபார்க்கவில்லை, அது அவருடைய கொள்முதல் கணக்கு. அந்த ஒரு சொல் எண்ணையும் காப்பாற்றுகிறது, அவரையும் காப்பாற்றுகிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு போன்

ஆங்கில வடிவம் தயாரானதும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஓகேவா சார்?" என்று கேட்டால், பெரும்பாலும் கட்டைவிரல்தான் பதிலாக வரும். அவர் படித்தார் என்பதற்கு அது சாட்சியல்ல.

அதற்குப் பதிலாக ஐந்து நிமிடம் போனில் பேசலாம். தமிழ் மூலத்தைப் பார்க்காமல், கையில் இருக்கும் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல வேண்டும். "2009லேருந்து இன்னைக்கு வரைக்கும் நீங்கதான் தலைவர்னு போட்டிருக்கு, சரிங்களா?"

மூலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் பழைய வரிதான் வாயில் வரும், தவறு ஒளிந்துகொள்ளும். ஆங்கிலத்திலிருந்து சொன்னால், "இல்லப்பா, 2012லயே மாறிட்டாங்க" என்று அவர் அங்கேயே நிறுத்துவார். நிரல் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த வரியில் 'இன்றைய தலைவர்' போய் 'முதல் தலைவர், 2009–2012' வந்துவிடும்.